‘ஃபில்டர் காபி’ உண்மையிலேயே ஃபில்டர் ஆகிறதா? கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் காபி டம்ளரும்

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் பிடிஎஃப்-ஆக போனுக்கு வருகிறது. எல்டிஎல் என்ற வரிக்குப் பக்கத்தில் 148 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் வீட்டில் முதலில் வரும் வார்த்தை என்ன? “காபியைக் குறை.” குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு சித்தப்பா, “பிளாக் டீ குடி, கொழுப்பு கரையும்” என்று ஒரு படத்தையும் தட்டிவிடுவார்.

இரண்டு அறிவுரையிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே தவறான கேள்விக்குச் சொல்லப்படும் பதில்கள். எல்டிஎல் விஷயத்தில் ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதைவிட, அந்தக் காபி எப்படித் தயாரானது என்பதுதான் முக்கியம். அதைச் சரியாகக் கேட்டுவிட்டால், காபிக்கு இதில் எவ்வளவு சின்னப் பங்கு என்பதும் புரிந்துவிடும். இது சும்மா தெரிந்துகொள்ளும் தகவல் மட்டும் இல்லை. காபியை விட்டாச்சு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, பார்க்க வேண்டிய டாக்டரைப் பார்க்காமல் ஒரு வருடம் ஓட்டிவிடுகிறவர்கள் நிறைய பேர்.

நார்வேயில் தொடங்கிய சந்தேகம்

வடக்கு நார்வேயில் டிரோம்சோ என்று ஒரு ஊர். அங்கே சுமார் 14 ஆயிரம் பேரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் 1983ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காபியே குடிக்காத, அல்லது ஒரு கப்புக்கும் குறைவாகக் குடிக்கும் ஆண்களைவிட, தினமும் 9 கப்புக்கு மேல் குடிக்கும் ஆண்களின் மொத்த கொலஸ்ட்ரால் சராசரியாக 26 மில்லிகிராம் அளவுக்கு அதிகம். (இந்தக் கட்டுரையில் மில்லிகிராம் என்று வரும் ரத்த அளவெல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கானவை, லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே கணக்குதான்.)

மற்ற நாடுகளில் சில ஆய்வுகளில் இது தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதே காபிதானே, ஏன் இந்த வித்தியாசம்? பதில் அடுப்பங்கரையில் இருந்தது. அந்தக் காலத்து வடக்கு நார்வேயில் காபி என்றால், கெட்டிலில் தண்ணீரோடு கொரகொரப்பாக அரைத்த தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, தூள் அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை அப்படியே ஊற்றிக் குடிப்பது. வடிகட்டி என்று எதுவும் இல்லை. பின்லாந்திலும் இதே பழக்கம் இருந்தது.

1989ல் நெதர்லாந்தில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 107 இளைஞர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொதிக்க வைத்த காபி, ஒரு குழுவுக்குப் பேப்பரில் வடித்த காபி, இன்னொரு குழுவுக்குக் காபியே இல்லை. காபிக்காரர்களுக்குத் தினமும் 4 முதல் 6 கப், 9 வாரம். முடிவில், கொதித்த காபி குடித்தவர்களுக்கு எல்டிஎல் சுமார் 15 மில்லிகிராம் கூடியிருந்தது. பேப்பரில் வடித்ததைக் குடித்தவர்களுக்கும் காபியே குடிக்காதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே நாட்டில் இன்னொரு சோதனை. இந்த முறை காபி குடித்த குழுக்களுக்கெல்லாம் கொதிக்க வைத்த காபிதான்; ஆனால் ஒரு குழுவுக்குக் கொடுக்கும் முன் அதைப் பேப்பர் வழியாக ஊற்றினார்கள். கொலஸ்ட்ரால் உயர்வு அந்தக் குழுவில் காணாமல் போனது. ஆக, குற்றவாளி கொதிநிலை இல்லை. கஃபீனும் இல்லை, அது பேப்பரில் தாராளமாக இறங்கிவிடும். பேப்பரில் தங்கிப்போகும் வேறு ஏதோ ஒன்று.

அந்த ஏதோ ஒன்றின் பெயர் கஃபெஸ்டால். காபிக் கொட்டையின் எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள். கஹ்வியால் என்று அதற்கு ஒரு தம்பியும் உண்டு, ஆனால் பெரிய கை கஃபெஸ்டால்தான்.

இதில் வேடிக்கை, கஃபெஸ்டாலில் கொலஸ்ட்ரால் துளிகூட இல்லை. அது கல்லீரலை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். சாதாரணமாகக் கல்லீரல் தன்னிடம் இருக்கும் கொலஸ்ட்ராலில் ஒரு பங்கை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றி வெளியே தள்ளும். பித்த அமிலம் போதுமான அளவு சேர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல எஃப்எக்ஸ்ஆர் என்று ஒரு உணர்வி உடம்பில் இருக்கிறது. கஃபெஸ்டால் போய் அந்த உணர்வியைத் தட்டிவிடுகிறது. ‘சரக்கு போதும்’ என்று தப்பான தகவல் போகிறது, மாற்றும் வேலை மந்தமாகிறது, செலவாகாத கொலஸ்ட்ரால் தேங்குகிறது. கல்லீரலிடமே கையிருப்பு இருக்கும்போது, அது ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்வதையும் குறைத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் நம்பர் ஏறுவது இப்படித்தான்.

நம்ம வீட்டு எவர்சில்வர் ஃபில்டர்

இப்போது சென்னைக்கு வருவோம். நாம் ‘ஃபில்டர் காபி’ என்று பெருமையாகச் சொல்வதும், மேலே சொன்ன ஆய்வுகளில் ‘ஃபில்டர் காபி’ என்று வருவதும் ஒன்றில்லை. அங்கே ஃபில்டர் என்றால் பேப்பர். இங்கே ஃபில்டர் என்றால் அடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் அல்லது பித்தளைப் பாத்திரம். ஆங்கிலக் கட்டுரையில் “ஃபில்டர் காபி இதயத்துக்கு நல்லது” என்று படித்துவிட்டு நம்ம டவரா செட்டை நினைத்துக்கொண்டால், கொஞ்சம் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஆனால் அதற்காக நம்ம ஃபில்டரை நார்வே கெட்டிலோடு சேர்த்து வைப்பதும் நியாயமில்லை. தூளைப் போட்டு, குடை வைத்து அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடினால் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் உண்மையில் வடிகட்டுவது உலோகத்தின் ஓட்டைகள் இல்லை. அமுங்கி உட்கார்ந்திருக்கும் தூள்தான். எண்ணெயில் பெரும்பகுதியும், அதைச் சுமந்துகொண்டிருக்கும் மிக நுண்ணிய துகள்களில் நிறையவும் அந்தத் தூள் படுக்கையிலேயே தங்கிவிடும். கெட்டில் காபியில் தூளும் தண்ணீரும் கலந்தே கிடக்கின்றன, தடுக்க ஒன்றும் இல்லை.

சிக்கரியும் இங்கே ஒரு விதத்தில் உதவிக்கு வருகிறது. சிக்கரியில் கஃபெஸ்டால் கிடையாது. 70க்கு 30 கலவை என்றால், தூளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலேயே வராது. சுத்தமான அராபிகா வாங்கி அரைக்கிறவர்கள் சிக்கரிக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். எல்டிஎல் விஷயத்தில் மட்டும் அந்தப் பார்வை தலைகீழ். ரோபஸ்டாவிலும் அராபிகாவைவிட கஃபெஸ்டால் குறைவுதான். அதோடு ஒரு டம்ளர் காபியில் டிகாஷன் எவ்வளவு? முப்பது, நாற்பது மில்லி. மீதியெல்லாம் பால். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வீட்டு ஃபில்டர் காபி பேப்பருக்கும் கெட்டிலுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நிற்கிறது. இரண்டு வேளை இரண்டு டம்ளர் குடிப்பவர் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

அப்போ யார் யோசிக்க வேண்டும்? இங்கேதான் கதை கொஞ்சம் திரும்புகிறது. பாட்டி வீட்டு ஃபில்டரைவிட, பேரனின் ஆன்லைன் ஆர்டரில் வந்த ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில்தான் கஃபெஸ்டால் அதிகம். கண்ணாடி ஜாடியில் தூளை நாலு நிமிடம் ஊறவைத்து, கம்பி வலையால் கீழே அழுத்தி ஊற்றுவது ஏறக்குறைய நார்வே கெட்டில் முறைதான். வலையில் திப்பி நிற்கும், எண்ணெயும் நுண்துகளும் நிற்காது. ஒரு கப்புக்கு மூன்று, நான்கு மில்லிகிராம் கஃபெஸ்டால். துருக்கி காபியும் அதே ரகம். எஸ்பிரசோவில் சின்னக் கப்புக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம். பேப்பரில் வடித்ததில் கப்புக்கு 0.1 அளவுக்குத்தான் இருக்கும். இன்ஸ்டன்ட்டிலும் மிகக் குறைவு. காபி ரசிகர்கள் முகம் சுளிக்கும் அந்த சாஷே, இந்த ஒரு விஷயத்தில் நல்ல பிள்ளை. பெரும்பாலான டீக்கடைகளில் காபி என்று கிடைப்பதும் இன்ஸ்டன்ட் தூள் கலக்கியதுதான்.

கிராமங்களில் போடும் வரக்காபி எந்தக் கணக்கு? தண்ணீரில் தூளையும் கருப்பட்டியையும் போட்டுக் கொதிக்க வைத்து, டீ வடிகட்டியில் வடித்தால், அது கெட்டில் காபி. அதையே நெருக்கமான பருத்தித் துணியில் வடித்தால் கதை வேறு. சிங்கப்பூர் கோப்பிக் கடைகளில் நீளமான துணிப் பையில் தூளைப் போட்டு வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோப்பியைப் பரிசோதித்தபோது, கஃபெஸ்டால் பேப்பரில் வடித்த காபி அளவுக்கே குறைவாக இருந்தது. 2011ல் வெளியான ஆய்வு இது. பழைய வீடுகளில் காபி வடிக்க வைத்திருந்த துணி சும்மா இல்லை.

சரி, நம்பர் எவ்வளவு மாறும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓஎம்ஆரில் வேலை செய்யும் 31 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எல்டிஎல் 148. காலையில் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு பெரிய மக், அதாவது இரண்டு கப்: சுமார் 7 மில்லிகிராம் கஃபெஸ்டால். ஆபீஸ் மெஷினில் கொட்டையை அரைத்து அப்படியே இறக்கும் எஸ்பிரசோ வகையில் இரண்டு: அதில் ஒரு 3 மில்லிகிராம். மொத்தம் 10.

கஃபெஸ்டாலை ஆராய்ந்தவர்கள் பல சோதனைகளைத் தொகுத்துச் சொன்ன தோராயக் கணக்கு, தினமும் 10 மில்லிகிராம் கஃபெஸ்டால் உள்ளே போனால் மொத்த கொலஸ்ட்ரால் 5 மில்லிகிராம் கூடும் என்பது. அதில் பெரும்பகுதி எல்டிஎல். ஆக, இவர் முழுக்கப் பேப்பர் ஃபில்டருக்கு மாறினால், 148 என்பது 144 ஆகலாம். அவ்வளவுதான். 144ம் அதே ‘சற்று அதிகம்’ கட்டத்துக்குள்தான் இருக்கிறது. அது 130லிருந்து 159 வரை.

இந்த 4 பாயிண்ட்டை அவரால் கண்ணால் பார்க்க முடியுமா என்பதே சந்தேகம். ஒரே ஆளுக்கு, உணவில் எந்த மாற்றமும் செய்யாமலே, இந்த மாதமும் அடுத்த மாதமும் எடுக்கும் எல்டிஎல்லில் பத்துப் பாயிண்ட் முன்பின் இருப்பது சகஜம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காபியை விட்டு, பதினைந்து நாளில் டெஸ்ட் எடுக்கிறார்கள். 148 என்பது 137 என்று வருகிறது. “பார்த்தியா, காபிதான்!” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த 11 பாயிண்ட்டில் காபியின் பங்கும் இருக்கலாம், வெறும் ஏற்ற இறக்கமும் இருக்கலாம். அடுத்த முறை 150 என்று வந்தால், காபியை விட்ட ஏமாற்றம்தான் மிச்சம்.

நிஜமாகவே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், மற்ற சாப்பாட்டையும் எடையையும் மாற்றாமல், காபியை மட்டும் பேப்பருக்கு மாற்றி, குறைந்தது நான்கு, ஐந்து வாரம் கழித்து அதே லேபில் எடுக்க வேண்டும். கஃபெஸ்டாலின் பாதிப்பு முழுதாக ஏறவும் இறங்கவும் வாரங்கள் ஆகும். ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு எவ்வளவு என்பதையும் பாருங்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்த கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு நிற்காது.

ஒரு நாளைக்கு ஆறேழு கப் ஃபிரெஞ்ச் பிரஸ் குடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், ஐடி கம்பெனிகளில் குறைவில்லை. அவர்களுக்கு 10 பாயிண்ட்டாவது மாறக்கூடும். அது மாற்றிப் பார்க்க வேண்டிய அளவுதான். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, எல்டிஎல்லை 70க்குக் கீழே வைக்கச் சொல்லி மாத்திரை எடுப்பவருக்கு அந்தப் பத்து இன்னும் பெரிய விஷயம்.

டீக்குப் போகலாமா?

“அப்போ டீக்கு மாறிடலாமே” என்பது இயல்பான அடுத்த கேள்வி. தேயிலையில் கஃபெஸ்டால் இல்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எவ்வளவு ஸ்ட்ராங்காகப் போட்டாலும் அந்த வழியில் எல்டிஎல் ஏறாது. இந்த விஷயத்தில் டீக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

ஆனால் கொழுப்பைக் கரைக்குமா? 2003ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள், கொலஸ்ட்ரால் லேசாக அதிகமிருந்த 15 பேருக்குத் தினமும் ஐந்து கப் பிளாக் டீ கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டையும் அவர்களே அளந்து கொடுத்தார்கள். எல்டிஎல் 7 முதல் 11 சதவீதம் வரை குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் பதினைந்தே பேர். பிறகு நடந்த சோதனைகளில் சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒரு தரப்பு, சராசரியாக 5 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது என்கிறது. இன்னொரு தரப்பு, நம்பும்படி எதுவும் இல்லை என்கிறது. கரைக்கும் கதையெல்லாம் இதில் இல்லை. தவிர, சோதனையில் கொடுத்தது பால் விட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட நம்ம நாலு மணி டீ இல்லை.

உண்மையான கணக்கு அந்தப் பாலில்தான் இருக்கிறது. யாரும் பேசாத விஷயமும் இதுதான். ஃபுல் கிரீம் பாலில் 100 மில்லிக்கு 6 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 4 கிராம், எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபியிலோ டீயிலோ நூறு மில்லி பால் சுலபமாகப் போகும். நாலு டம்ளர் குடித்தால் 16 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மொத்த வரம்பே 22 கிராம்தான். இட்லிக்கு நெய், மதியம் பொரியலில் தேங்காய், சாயங்காலம் பஃப்ஸ் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அதே நாலு டம்ளரை டோன்டு பாலில் போட்டால்? அதில் 100 மில்லிக்கு 3 கிராம்தான் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு 16லிருந்து 8 ஆகக் குறைகிறது. இந்த அளவு குறைந்தால் எல்டிஎல் நாலைந்து பாயிண்ட் இறங்கும் என்கிறது உணவுக் கொழுப்பு ஆய்வுகளின் கணக்கு. அதாவது, நம்ம ஓஎம்ஆர்காரர் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸையும் ஆபீஸ் மெஷினையும் மொத்தமாக விட்டால் கிடைப்பதும், நாலு டம்ளர்காரர் பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றினால் கிடைப்பதும் ஒரே அளவு. காபியா டீயா என்று வீட்டில் நடக்கும் பட்டிமன்றத்துக்கு அடியில் பால் பாக்கெட் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

மாற்ற நினைத்தால்

வீட்டு டிகாஷனை விடத் தேவையில்லை. இறங்கிய டிகாஷனை, கூம்பு வடிவப் பேப்பர் ஃபில்டரை வெந்நீரில் நனைத்து அதன் வழியாக இன்னொரு முறை ஊற்றினால் போதும். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். சுவையில் அந்தக் கனம் கொஞ்சம் குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கனத்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். ஃபிரெஞ்ச் பிரஸ் காபியையும் இப்படியே பேப்பரில் ஊற்றலாம். கறுப்புக் காபியில் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால் மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியும், கடைசி வாயில் வண்டல் வரும்; இரண்டும் வடிகட்டல் சரியில்லை என்பதற்கான அடையாளம். அந்தக் கடைசி வாயை டம்ளரிலேயே விட்டுவிடலாம்.

ஆனால் எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தால், அதைக் காபியும் பாலும் மட்டும் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்பா, அம்மா, அண்ணன் யாருக்காவது 50 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும்; ஒரு டிஎஸ்எச் டெஸ்ட்டில் தெரிந்துவிடும், அதற்கு மருந்தும் சுலபம். 148 என்றாலும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இவற்றில் ஏதாவது கூட இருந்தால் டாக்டர் அந்த நம்பரைப் பார்க்கும் பார்வையே வேறு. ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு, “முதலில் காபியை விட்டுப் பார்க்கிறேன்” என்று மாத்திரையை டிராயரில் வைக்கிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் கவனிக்கலாம். நடுத்தர டோஸ் ஸ்டாடின் எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கும், 148லிருந்து நூறுக்குப் பக்கத்தில். பேப்பர் ஃபில்டர் இறக்குவது நாலு.